வைத்தியசாலைப் பில்லை வரி வரியாக வாசிப்போம்: ஒரு டெங்கு நோயாளியின் கணக்கு

எங்கள் வீடுகளில் ஒருவர் நோயுற்று, வைத்தியசாலையில் கிடந்து, சுகமாகி வீடு திரும்பும் நாளில் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு. "அல்ஹம்துலில்லாஹ், ஆள் சுகமா வந்ததே போதும். காசைப் பத்திப் பேச வேணாம்." அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காசைச் சேர்க்க யாரோ ஒருவர் வளையலை அடகு வைத்திருப்பார். யாரோ ஒருவர் கடன் வாங்கியிருப்பார். கட்டும்போது பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் அந்தக் கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஒரு பாடசாலை ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையில் கணிதம் கற்பிக்கப் பயிற்சி பெற்றவன். வைத்தியம் எனக்குத் தெரியாது. கடந்த வருடம் என் மனைவியின் தம்பிக்கு டெங்கு வந்து ஒரு தனியார் வைத்தியசாலையில் நான்கு இரவுகள் இருந்தார். "நீங்கதானே கணக்கு சேர், நீங்களே பில்லைப் பாருங்க" என்று குடும்பத்தில் சொன்னதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரையோ காப்புறுதிக் கம்பனியின் பெயரையோ எழுதவில்லை. அவை முக்கியமுமில்லை. நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை கணினியும் அவசரமும் சேர்ந்து உண்டாக்கியவை. எந்த வைத்தியசாலையிலும் நடக்கக்கூடியவை.

முதலில் தந்தது பில் அல்ல, சுருக்கம்

மச்சானை அனுமதித்தது திங்கட்கிழமை இரவு 9.40 மணிக்கு. அப்போது 50,000 ரூபா முற்பணம் கட்டினோம். வெள்ளிக்கிழமை காலை 9.15க்கு விசேட வைத்திய நிபுணர் வந்து பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். கணக்குப் பிரிவிலிருந்து பில் எங்கள் கைக்கு வந்தபோது பிற்பகல் 2.30. இடையில் நாங்கள் ஜும்ஆவுக்கும் போய் வந்துவிட்டோம்.

காசாளர் நீட்டிய தாளில் எட்டு வரிகள் இருந்தன.

அறைக் கட்டணம் 5 நாட்கள்: 80,000
தாதியர் மற்றும் வார்டு வைத்தியர் கட்டணம் 5 நாட்கள்: 12,500
ஆய்வுகூடப் பரிசோதனைகள்: 19,000
ஸ்கேன்: 6,000
மருந்தகம்: 31,700
பாவனைப் பொருட்கள்: 12,800
சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து: 16,200
விசேட வைத்திய நிபுணர், 6 தடவைகள்: 21,000

மொத்தம் 199,200 ரூபா. முற்பணம் போக 149,200 கட்ட வேண்டும்.

முதல் வேலையாகக் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. முற்பணமும் கழிக்கப்பட்டிருந்தது. இதைப் பார்க்க ஒரு நிமிடம்தான் எடுக்கும். முற்பணப் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டால் இதை நிரூபிப்பதே பெரும்பாடு என்பதால், அதைக் கட்டிய அன்றே கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

கூட்டல் சரியாக இருப்பதால் பில் சரி என்று ஆகிவிடாது. "மருந்தகம் 31,700" என்ற வரியில் எத்தனை மருந்து, எத்தனை போத்தல், என்ன விலை என்று ஒன்றுமில்லை. எனவே ஆய்வுகூடம், மருந்தகம், பாவனைப் பொருட்கள் ஆகிய மூன்றுக்கும் விபரப் பட்டியல் கேட்டேன். அந்தப் பிள்ளை முகம் கோணாமல் அச்சிட்டுத் தந்தார். ஏழு பக்கங்கள். அவை கணினியில் ஏற்கனவே இருந்தன. கேட்டவருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

என் மாமி பதறினார். "மகன், வாகனம் வெளியில நிக்கிது. காசக் கட்டிட்டுப் போவம்." அரை மணித்தியாலம் தாருங்கள் மாமி என்று சொல்லிவிட்டு, வரவேற்புக் கூடத்துக் கதிரையில் உட்கார்ந்து பேனையை எடுத்தேன்.

எதோடு ஒப்பிடுவது?

பில்லை மட்டும் எத்தனை முறை வாசித்தாலும் பிழை தெரியாது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பதிவு வேண்டும். என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று, மனைவி வைத்திருந்த சிறிய கொப்பி. யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது இரத்தம் எடுத்தார்கள், சேலைன் எப்போது மாற்றினார்கள் என்று அவர் எழுதி வைத்திருந்தார். பில்லுக்காக அல்ல, இரவில் மாறி மாறி நிற்கும் ஆட்களுக்குத் தகவல் சொல்வதற்காக எழுதியது. இரண்டு, ஆய்வுகூட அறிக்கைகள். ஒவ்வொன்றிலும் இரத்தம் எடுத்த திகதியும் நேரமும் இருந்தன. மூன்று, அனுமதிக்கும்போது நாங்கள் கையொப்பமிட்ட படிவத்தின் பிரதி. அதன் பின்பக்கத்தில் வைத்தியசாலையின் கட்டண விதிகள் சிறிய எழுத்தில் இருந்தன. கையொப்பம் வைத்த இரவில் அதை எவரும் வாசிக்கவில்லை. இப்போது வாசித்தேன்.

நாள் என்றால் எத்தனை மணித்தியாலம்?

விதியின்படி ஒரு நாள் என்பது நண்பகல் 12 மணி முதல் அடுத்த நண்பகல் 12 மணி வரை. நண்பகலுக்கு முன் எந்த நேரத்தில் முடிந்தாலும் முழு நாள். கடைசி நாளில் 12 மணிக்குப் பிறகும் தங்கினால் அரை நாள்.

திங்கள் இரவு 9.40க்குப் போனதால் செவ்வாய் நண்பகல் வரையான பதினான்கு மணித்தியாலங்களே ஒரு நாளாகிவிட்டன. இது நியாயமா என்று கேட்டேன். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். உண்மைதான். அதில் எனக்கு வழக்கில்லை. செவ்வாய் நண்பகல் வரை ஒன்று, புதன் வரை இரண்டு, வியாழன் வரை மூன்று, வெள்ளி நண்பகல் வரை நான்கு. வெள்ளி 12 மணிக்குப் பிறகு தங்கியதற்கு அரை நாள். ஆகக் கூடினால் நாலரை நாள்தான் வரும். பில்லில் ஐந்து.

அடுத்த கேள்வி அந்த அரை நாளைப் பற்றியது. வைத்தியர் போகலாம் என்று எழுதியது காலை 9.15. நாங்கள் ஒன்பதரைக்கே உடை மாற்றித் தயாராகிவிட்டோம். பில் வரத் தாமதமானதற்கு நாங்கள் காரணமல்ல. வார்டிலிருந்து கோவை எத்தனை மணிக்குக் கணக்குப் பிரிவுக்கு வந்தது என்று பணிவாகக் கேட்டேன். பதிவைப் பார்த்தார். பிற்பகல் 1.10. மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, நான்கு நாட்களாகத் திருத்தினார். 16,000 ரூபா குறைந்தது.

நாள் கணக்கு மாறினால் அது ஒரு வரியோடு நிற்காது. தாதியர் கட்டணமும் ஐந்து நாட்களுக்கே போடப்பட்டிருந்தது. அறைக் கட்டணத்தைத் திருத்திய பிள்ளை இதைத் தொடவில்லை. மறுபடி சுட்டிக்காட்டிய பிறகு அதிலும் ஒரு நாள், 2,500 ரூபா குறைந்தது. சேலைன் பம்ப், மொனிட்டர், ஒட்சிசன் போன்றவற்றுக்கு நாள் வாடகை போட்டிருந்தால் அவற்றையும் இப்படியே பார்க்க வேண்டும். நாட்கள் சரிதானா என்பதோடு, அந்த இயந்திரம் அத்தனை நாளும் நோயாளியின் உடம்பில் பொருத்தப்பட்டிருந்ததா என்பதும் கேள்வி.

பதினொரு பரிசோதனை, ஒன்பது அறிக்கை

டெங்கு நோயாளிக்குக் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையையும் குருதியின் தடிப்பையும் அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்காக எப்.பி.சி. பரிசோதனையை நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்கிறார்கள். எனவே ஒரே பரிசோதனை பில்லில் பல முறை வருவதைக் கண்டு திடுக்கிடத் தேவையில்லை. எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

விபரப் பட்டியலில் எப்.பி.சி. 11, ஒவ்வொன்றும் 400 ரூபா. கையிலிருந்த அறிக்கைகளை நேர வரிசையில் அடுக்கினேன். திங்கள் இரவு 1, செவ்வாய் 2, புதன் 3, வியாழன் 2, வெள்ளி 1. மொத்தம் 9. மீதி இரண்டுக்கும் அறிக்கை எங்கே என்று கேட்டபோது ஆய்வுகூடத்தில் விசாரித்துச் சொன்னார்கள். இரண்டு தடவை எடுத்த இரத்தம் குழாயில் உறைந்துவிட்டதாம். மறுபடி எடுத்திருக்கிறார்கள். மனைவியின் கொப்பியிலும் "புதன் விடிய இரத்தம் திரும்ப எடுத்தாங்க" என்று இருந்தது. உறைந்துபோன இரத்தத்தில் எண்ணிக்கை பார்க்க முடியாது. அதற்கு அறிக்கையும் இல்லை, எனவே கட்டணமும் வரக்கூடாது. 800 ரூபா குறைந்தது.

தொகை சிறியதுதான். ஆனால் அறிக்கை இல்லாத பரிசோதனைக்குப் பணம் கட்டக்கூடாது என்ற இந்த வழி, பல ஆயிரம் ரூபா பெறும் பரிசோதனைகளுக்கும் அப்படியே பொருந்தும். ஈரல் தொடர்பான பரிசோதனைகளையும் ஸ்கேனையும் இதே மாதிரிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அறிக்கை இருந்தது. அவை சரி.

இன்னொன்று. எப்.பி.சி., டெங்கு அன்டிஜன் ஆகிய இரண்டு பரிசோதனைகளுக்கும் தனியார் வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் அறவிடக்கூடிய ஆகக் கூடிய கட்டணத்தை அரசாங்கம் வர்த்தமானி மூலம் நிர்ணயித்திருக்கிறது. தொகை காலத்துக்குக் காலம் மாறும். டெங்குப் பில்லைக் கையில் எடுக்கும்போது நடைமுறையிலுள்ள தொகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டுக்குப் போன மருந்தும் உடம்புக்குப் போன மருந்தும்

பில்லில் மிகவும் குழப்பமான பகுதி மருந்தகம்தான். அதை விளங்கிக்கொள்ள ஒரு நடைமுறையைத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தகம் நோயாளியின் பெயரில் வார்டுக்கு மருந்தை அனுப்பும் நேரத்திலேயே பில்லில் தொகை ஏறிவிடுகிறது. அந்த மருந்து நோயாளிக்குக் கொடுக்கப்பட்டதா என்பது பில்லுக்குத் தெரியாது. மீதமானதை வார்டு திருப்பி அனுப்பி, மருந்தகம் அதைப் பதிந்த பிறகே தொகை கழிக்கப்படும். வெளியேறும் நாளின் அவசரத்தில் இந்தத் திருப்பி அனுப்பும் வேலைதான் தவறிப்போகிறது.

எங்கள் பட்டியலில் 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தல்கள் 14 இருந்தன. திருப்பி அனுப்பியவை என்ற பகுதி வெறுமையாக இருந்தது. நான்கு நாளில் ஒரு மருந்துகூட மீதமாகவில்லை என்றால் அது அபூர்வம். அந்த வெற்றிடமே ஒரு தடயம்.

மேலே வார்டுக்குப் போய், பொறுப்புத் தாதியிடம் கேட்டேன். டெங்கு நோயாளிக்கு எவ்வளவு திரவம் உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீர் வெளியேறுகிறது என்று மணித்தியாலக் கணக்கில் எழுதுவார்கள். அது வைத்தியத்துக்காக எழுதப்படுவது. ஆனால் பில்லுக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் அந்த அட்டையை எடுத்து எண்ணினார். ஏறியது 10 போத்தல்கள். மீதி 4 போத்தல்களும், ஊசி வழியாக ஏற்றும் பரசிட்டமோல் 2 போத்தல்களும் அலுமாரியில் மச்சானின் பெயர் ஒட்டிய பெட்டியில் அப்படியே இருந்தன. "சொறி சேர், இன்னும் அனுப்பேல்ல" என்று சொல்லி அப்போதே அனுப்பி வைத்தார். சேலைன் ஒன்று 350 ரூபா வீதம் 1,400. பரசிட்டமோல் ஒன்று 1,150 வீதம் 2,300. மொத்தம் 3,700 ரூபா குறைந்தது.

அந்தத் தாதியிடம் நான் குரலை உயர்த்தியிருந்தால் அந்தப் பெட்டி எங்கள் கண்ணில் பட்டிருக்காது. பில்லில் இருப்பதற்கு வார்டுத் தாதி பொறுப்பல்ல. நான்கு இரவு மச்சானைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

மருந்தின் விலையைப் பொறுத்தவரை, பொதியில் அச்சிட்டிருக்கும் ஆகக் கூடிய சில்லறை விலையைப் பில்லில் உள்ள விலையோடு ஒப்பிடலாம். வீட்டுக்குத் தரும் மாத்திரைகளில் இது இலகு. பில்லில் மருந்தின் இரசாயனப் பெயரும் பெட்டியில் கம்பனிப் பெயரும் இருந்து குழம்பினால், பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் பாருங்கள்.

ஒரு பெட்டி கையுறையும் ஒரு வெப்பமானியும்

"பாவனைப் பொருட்கள்" என்ற 12,800 ரூபாவுக்குள் என்ன இருந்தது? ஊசிக் குழாய், சேலைன் குழாய், பிளாஸ்டர், பஞ்சு. இவை சரி. அதோடு கையுறைப் பெட்டி 2, ஒன்று 2,200 ரூபா. ஒரு பெட்டியில் 100 கையுறைகள் இருக்கும். நான்கு நாளில் ஒரு டெங்கு நோயாளிக்கு 200 கையுறைகளா? ஒரு பெட்டி வார்டின் பொதுத் தேவைக்கு எடுத்தது என்று ஏற்றுக்கொண்டு கழித்தார்கள். 2,200 ரூபா குறைந்தது.

டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும் 1,450 ரூபாவுக்கு இருந்தது. அதை அவர்கள் கழிக்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் தனி வெப்பமானி தருவது அவர்களின் வழக்கமாம். அப்படியானால் அது எங்களுடையது அல்லவா? போய்க் கேட்டோம், தந்தார்கள். இன்றும் வீட்டில் இருக்கிறது. பில்லில் முழுப் பொருளாக விலை போட்டிருந்தால் அந்தப் பொருள் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

நான் தோற்ற இடம்

விசேட வைத்திய நிபுணர் ஆறு தடவைகள், தடவைக்கு 3,500. கொப்பியில் அவர் நேரில் வந்தது ஐந்து தடவைகளே. திங்கள் இரவு வரவில்லை. வார்டு வைத்தியர் தொலைபேசியில் அவரோடு பேசி மருந்து தொடங்கினார். அதற்கும் ஒரு தடவைக் கட்டணம் போடப்பட்டிருந்தது.

காசாளர் தெளிவாகச் சொன்னார். வைத்தியரின் கட்டணத்தை வைத்தியரே தீர்மானிக்கிறார், வைத்தியசாலை சேகரித்துக் கொடுக்கிறது, கணக்குப் பிரிவால் அதில் கை வைக்க முடியாது. வைத்தியரிடம் கேட்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. அந்த இரவில் அவர் தொலைபேசியில் எடுத்த முடிவும் வைத்தியம்தான் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கட்டினோம்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தை மனதில் வைப்பது நல்லது. விலை கூட என்பது பில்லில் உள்ள பிழை அல்ல. அறைக்கு நாளுக்கு 16,000 என்பது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் அதை அறிந்துதான் கையொப்பமிட்டோம். வெளியேறும் நாளில் விலையைப் பற்றி வாதாடினால் நேரம்தான் போகும். எத்தனை, எப்போது, யாருக்கு என்ற கேள்விகளுக்கே பதில் கிடைக்கும். விலை பற்றிய கேள்வியை அனுமதிக்கும் முன்பே கேட்க வேண்டும். டெங்குவுக்கு அரச வைத்தியசாலைகளில் நல்ல சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும் அந்த நேரத்தில்தான் யோசிக்க வேண்டும்.

திருத்திய கணக்கு

அறை 16,000, தாதியர் 2,500, எப்.பி.சி. 800, மருந்து 3,700, கையுறை 2,200. மொத்தம் 25,200 ரூபா. இத்தோடு நான் எழும்பப் பார்த்தேன். பிறகுதான் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் கண்ணில் பட்டது. அது வைத்தியர் கட்டணம் தவிர்ந்த 162,000 ரூபாவின் மீது கணக்கிடப்பட்டது. அந்தத் தொகை 136,800 ஆகக் குறைந்துவிட்டதால் சேவைக் கட்டணமும் 16,200 இலிருந்து 13,680 ஆக வேண்டும். இன்னுமொரு 2,520 ரூபா. பில்லில் வீதக் கணக்கில் எந்த வரி இருந்தாலும், வரியாக இருந்தாலும் சரி, சேவைக் கட்டணமாக இருந்தாலும் சரி, அதைக் கடைசியாக மறுபடி கணக்கிட வேண்டும்.

ஆக 27,720 ரூபா குறைந்து, பில் 171,480 ஆனது. முற்பணம் போகக் கட்டியது 121,480. எடுத்த நேரம், வார்டுக்கு ஏறி இறங்கியது உட்பட, ஒன்றரை மணித்தியாலம். மாமியிடம் சொன்ன அரை மணித்தியாலத்தை நான் காப்பாற்றவில்லை.

காப்புறுதி தரும்தானே, ஏன் பார்க்க வேண்டும்?

இதை மச்சானே என்னிடம் கேட்டார். "கம்பனி இன்சூரன்ஸ் இருக்கு மச்சான், எப்படியும் அவங்க தருவாங்க." அவருடைய வேலைத்தளத்தின் காப்புறுதியில் வருடத்துக்கு 200,000 ரூபா எல்லை. மனைவி, பிள்ளைக்கும் அதே தொகைதான். அறைக்கு நாளுக்கு 12,000 மட்டுமே தருவார்கள். வெப்பமானி போன்ற பொருட்களுக்குத் தரமாட்டார்கள்.

முதல் பில்லைக் கொடுத்திருந்தால் நடந்திருப்பது இது. அறையில் நாளுக்கு 4,000 வீதம் ஐந்து நாளுக்கு 20,000 வெட்டு, வெப்பமானி 1,450 வெட்டு. 199,200 இலிருந்து இவை போக 177,750 கிடைத்திருக்கும். வருட எல்லையில் மிஞ்சியிருப்பது 22,250. திருத்திய பில்லில் அறைக்கு 16,000, வெப்பமானிக்கு 1,450 வெட்டு. கிடைத்தது 154,030. எல்லையில் மிஞ்சியது 45,970.

மச்சானின் கையிலிருந்து போன பணத்தில் வித்தியாசம் 4,000 ரூபாதான். ஆனால் அந்த வருடத்துக்கு மீதமான காப்புறுதியில் வித்தியாசம் 23,720 ரூபா. அலுமாரியில் கிடந்த சேலைனும் உறைந்துபோன இரத்தமும், மகளுக்குக் காய்ச்சல் வந்தால் உதவ வேண்டிய பணத்தைத் தின்றிருக்கும். கம்பனி தருவது எங்கள் பணம் என்று எண்ணினால்தான் பில்லைப் பார்க்கத் தோன்றும்.

இதைக் கோரிக்கை அனுப்பும் முன்பே செய்ய வேண்டும். மூலப் பிரதிகளைக் காப்புறுதிக் கம்பனி எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு வைத்தியசாலையில் போய்ப் பில்லைத் திருத்தக் கேட்டால், இரண்டு இடத்துக் கணக்கும் ஒன்றுக்கொன்று முரண்படும். காப்புறுதிக் கம்பனி நேரடியாகக் கட்டும் முறையாக இருந்தாலும் கடைசிப் பில்லில் கையொப்பமிடுவது நோயாளிதான். கையொப்பமிடும் முன் விபரப் பட்டியல் கேட்கலாம்.

கோரிக்கையோடு நாங்கள் கொடுத்தவை இவை. பேனையால் வெட்டித் திருத்தாமல் புதிதாக அச்சிட்ட கடைசிப் பில், அதன் விபரப் பட்டியல், முற்பணத்துக்கும் மீதிக்குமான இரண்டு பற்றுச்சீட்டுகள், நோய் நிர்ணய அட்டை, அறிக்கைகளின் பிரதிகள், வைத்தியர் நிரப்பிய கோரிக்கைப் படிவம். அனைத்தையும் முதலில் படம் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் சமூகத்தவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பெயர். அடையாள அட்டையில் மொஹமட், பில்லில் முஹம்மது, நோய் நிர்ணய அட்டையில் முதலெழுத்து மட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது இது இன்னும் மோசமாகும். மச்சானின் நோய் நிர்ணய அட்டையில் வாப்பாவின் பெயர் முன்னுக்கும் அவருடைய பெயர் பின்னுக்குமாக இருந்தது. அங்கேயே திருத்தி முத்திரை பெற்றோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால் அதற்கென்று இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

என்னைப் போன்ற அரச ஊழியர்களுக்கு தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிறார்கள். அதிலும் செலவினங்களுக்குத் தனித்தனி எல்லைகள் உண்டு. எனவே "மருந்தகம்" என்ற ஒற்றை வரியுள்ள சுருக்கத்தை விட விபரப் பில்லே அங்கும் உதவும். கோரிக்கைக்கான கால எல்லையை உங்கள் அலுவலகத்தில் உடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் மறுத்தால்?

எங்களுக்கு எல்லாம் அன்றே தீர்ந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. மேற்பார்வையாளர் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லலாம். அப்போது வாக்குவாதப்பட்டு நோயாளியைக் காக்க வைப்பதில் பயனில்லை. எந்த வரி, எவ்வளவு தொகை, என்ன காரணம் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வரலாம். கட்டியதால் கேட்கும் உரிமை போய்விடாது. எழுத்தில் இல்லாவிட்டால்தான் அது போகும்.

வைத்தியசாலை பதில் தராவிட்டால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு முறைப்பாடு செய்யலாம். காப்புறுதிக் கம்பனியோடு பிணக்கு வந்தால், முதலில் கம்பனிக்கு எழுதிவிட்டு, காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். இரண்டு இடத்திலும் கேட்பது விபரப் பில்லையும் நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தையும்தான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரை அனுமதித்தாலும் முதல் நாளே ஒரு கொப்பி வாங்கிவிடுகிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்குப் பிரிவில் இடைக்காலப் பில் கேட்கிறோம். நேற்றைய சேலைனை இன்று கேட்டால் தாதிக்கு நினைவிருக்கும். நான்கு நாள் கழித்துக் கேட்டால் அட்டையைத் தேட வேண்டும். மாமியின் வளையல் அடகுக் கடையிலிருந்து மீண்டு வந்துவிட்டது. அவர் இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும் புத்திமதி வேறு: "காசக் கட்டு மகன். ஆனா முதல்ல அந்த ஏழு பக்கத்தையும் கேளு."